அண்ணன் வீட்டு மாத்திரைக் கணக்கு

முப்பத்து நான்கு வருடம் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு கூட்டல் கழித்தலுக்கு வேலையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன ஐப்பசி மழையில், ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கூட்டல் போட வேண்டி வந்தது. அந்தக் கூட்டலைத்தான் இன்று எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலரின் வீட்டில் இதே கணக்கு ஒருவரும் கூட்டிப் பார்க்காமல் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

என் அண்ணனுக்கு வயது எழுபத்து மூன்று. அண்ணி போன பிறகு கும்பகோணம் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். மகன் அமெரிக்காவில். அண்ணன் எப்போதுமே ஒல்லி. அண்ணி போனபின் இன்னும் இளைத்து, நாற்பத்தாறு கிலோவுக்கு வந்துவிட்டார். இந்த நாற்பத்தாறை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை மழையில் நனைந்திருக்கிறார். ராத்திரியே சளி, உடம்பு வலி, காய்ச்சல். போனில் கேட்டால், "ஒண்ணுமில்லடா தம்பி, மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். புதனும் அதே பதில், வெள்ளியும் அதே பதில். ஆனால் வெள்ளிக்கிழமை குரல் சரியில்லை. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

போய்ப் பார்த்தால், நெற்றியில் கை வைத்தபோது சூடே இல்லை. காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் மனுஷர் எழுந்து உட்கார முடியாமல் கிடக்கிறார். வியாழக்கிழமையிலிருந்து குமட்டல், இரண்டு முறை வாந்தி. நான்கு நாளாகக் கஞ்சித் தண்ணீர் மட்டும், அதுவும் அரை டம்ளர். "காய்ச்சல் அடிச்ச அசதிடா, நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு மாத்திரையைப் பிரித்தார். நான் ஆட்டோ கூப்பிட்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முதலில் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே அமுக்கியதும் அண்ணன் முகம் சுளித்தது. "காய்ச்சல் போனப்புறம் வாந்தி நிக்கணுமே, ஏன் நிக்கலை?" என்று கேட்டுவிட்டு, "ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்றார். அண்ணன் சொன்னார்: "டோலோ ஒண்ணுதாம்மா. வேற ஒண்ணும் பெரிசா இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "சார், வீட்டுக்குப் போய் மேஜை மேல, தலைகாணிக்கு அடியில, எங்கெங்க இருக்கோ எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க. குப்பைக் கூடையில இருக்கிற காலி அட்டையும் வேணும்." அந்தக் குப்பைக் கூடைதான் கெட்டிக்காரத்தனம். காலி அட்டையில்தானே எத்தனை தின்றோம் என்பது இருக்கும்!

ரத்தம் எடுக்கப் போன நேரத்தில் நான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தேன். நான்கு வகை இருந்தன.

முதலாவது டோலோ 650. காய்ச்சலுக்கு. காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று நான்கு வேளை. பெயரில் இருக்கும் 650 என்பது 650 மில்லிகிராம் பாராசிட்டமால் என்பதுதான். குரோசின், கால்பால், மெட்டாசின் எல்லாமே உள்ளே பாராசிட்டமால்தான். பெயர்தான் வேறு வேறு. இதுவரை அண்ணனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இரண்டாவது, சளி மாத்திரை. இது அட்டையாகக்கூட இல்லை. தெருமுனை மருந்துக் கடையில் "சளிக்கு ஏதாச்சும் குடுப்பா" என்று கேட்டு வாங்கியது. கடைக்காரர் அட்டையைக் கத்தரியால் வெட்டிப் பேப்பர் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். வெட்டிய துண்டில் பாதிப் பெயர்தான் இருக்கிறது, உள்ளே என்ன மருந்து என்ற வரி அடுத்த துண்டோடு வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது. டாக்டர் கடைக்கே போன் போட்டுக் கேட்டார். மூக்கடைப்புக்கு ஒன்று, மூக்கு ஒழுகுவதற்கு ஒன்று, அவற்றோடு 500 மில்லிகிராம் பாராசிட்டமால். சளி மாத்திரை என்று நாம் சொல்லும் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். சளியோடு உடம்பு வலியும் காய்ச்சலும் வருமே என்று சேர்த்தே செய்கிறார்கள். தனியாக அது ஒன்றை மட்டும் சாப்பிடுகிறவருக்கு வசதிதான். அண்ணன் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறார்.

மூன்றாவது, முட்டி வலி மாத்திரை. ஒரு வருடத்துக்கு முந்தைய பழைய சீட்டை வைத்து மாதாமாதம் வாங்கிக்கொண்டிருப்பது. அதில் வலிக்கான மருந்து ஒன்று, கூடவே 325 மில்லிகிராம் பாராசிட்டமால். தினம் இரண்டு. "இது பழைய மாத்திரைடா, இதுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பிற்பாடு கேட்டார். இரண்டு மருந்து கலந்த வலி மாத்திரைகள் பலவற்றில் இரண்டாவது ஆள் பாராசிட்டமால்தான். நாமெல்லாம் தலைவலிக்குப் போடுகிற காம்பிஃப்ளாமிலும் இபுப்ரோஃபெனோடு 325 மில்லிகிராம் இருக்கிறது.

நான்காவதுதான் என்னை உட்கார வைத்தது. மகன் போன முறை வந்தபோது வைத்துவிட்டுப் போன அமெரிக்க சிரப். ராத்திரி இருமாமல் தூங்குவதற்கு. பெரிய பாட்டில், கூடவே மூடி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கப். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லேபிளை முழுக்கப் படித்தேன். பாராசிட்டமால் என்ற வார்த்தையே எங்கும் இல்லை. "டாக்டர், இதுல இல்லை" என்று நிம்மதியாகச் சொன்னேன். அவர் வாங்கிப் பார்த்து ஒரு வரியில் விரலை வைத்தார். அசிட்டமினோஃபென், 30 மில்லிக்கு 650 மில்லிகிராம்.

"இது வேற மருந்தாச்சே?"

"இல்ல சார். நாம பாராசிட்டமால்ங்கிறதை அமெரிக்காவுல இப்படிச் சொல்வாங்க."

ஒரே ரசாயனத்தின் ஒரே நீளப் பெயரிலிருந்து இரண்டு தேசத்துக்காரர்கள் வெவ்வேறு எழுத்துகளைப் பொறுக்கி இரண்டு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்து, இந்தியா எல்லாம் பாராசிட்டமால், அமெரிக்கா அசிட்டமினோஃபென். சில அமெரிக்கச் சீட்டுகளில் அதையும் சுருக்கி ஏ.பி.ஏ.பி. என்று நான்கு எழுத்தாக எழுதுகிறார்கள். பிள்ளைகள் பெட்டி நிறையக் கொண்டு வரும் டைலனால் அசிட்டமினோஃபென்தான், அதாவது பாராசிட்டமால்தான். அந்த சிரப்பில் பத்து சதவீதம் சாராயமும் இருந்தது என்பது தனிக்கதை. ஆயுளில் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத என் அண்ணன், "நல்லா தூக்கம் வருதுடா" என்று நான்கு ராத்திரி அதைக் குடித்திருக்கிறார்.

இனி கூட்டல். டோலோ நான்கு: 2,600. சளி மாத்திரை மூன்று: 1,500. முட்டி வலி மாத்திரை இரண்டு: 650. ராத்திரி சிரப் ஒரு கப்: 650. மொத்தம் ஒரு நாளைக்கு 5,400 மில்லிகிராம். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை, நான்கு நாள்.

"எவ்வளவு வரைக்கும் போகலாம், டாக்டர்?" என்றேன். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு, எல்லா மருந்திலிருந்தும் சேர்த்து, 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்றார். ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 வரை, ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம். இது உச்சவரம்புதான், தினம் எட்ட வேண்டிய அளவு அல்ல. வயதானவர்களுக்குப் பல டாக்டர்கள் 3,000-க்கு மேல் போக விடுவதில்லையாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினம் குடிக்கிறவர்கள், சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தவர்கள் என்றால் 2,000-த்திலேயே நிறுத்திவிடுவார்களாம்.

அண்ணன் ஐம்பது கிலோவுக்குக் கீழ். அவருக்கு எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்றார் டாக்டர். ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. 46-ஐ 15-ஆல் பெருக்கினால் 690. நான்கு வேளைக்கு 2,760. நன்றாகப் பாருங்கள்: டோலோ மட்டுமே 2,600. அதாவது காய்ச்சல் மாத்திரையிலேயே அவருடைய அன்றைய வரவு செலவு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சளி மாத்திரையும் முட்டி மாத்திரையும் சிரப்பும் அப்படியே அதிகப்படி. அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. டோலோவை அளவோடுதான் சாப்பிட்டார். கணக்கு உதைத்தது மற்ற மூன்றிலும்தான். அதுவும் பட்டினி கிடந்த உடம்பில்.

பட்டினிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் டாக்டர் நிதானமாகச் சொன்னார். நம்மூர்ப் பாஷையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். பாராசிட்டமால் கல்லீரலுக்கு வரும் தண்ணீர் என்றால், அதை வெளியேற்ற இரண்டு பெரிய வாய்க்கால் இருக்கின்றன. பெரும்பகுதி அவற்றின் வழியாகத் தீங்கில்லாத சரக்காக மாறி சிறுநீரில் போய்விடும. ஒரு சின்னப் பங்கு மட்டும் மூன்றாவதாக ஒரு கன்னிவாய்க்காலில் இறங்கி விஷப் பொருளாக மாறுகிறது. அளவான டோஸில் அதனால் ஒன்றும் ஆகாது. குளுட்டாதயோன் என்று ஒரு சரக்கைக் கல்லீரல் கையிருப்பில் வைத்திருக்கிறது. அது அந்த விஷத்தை உடனுக்குடன் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். அளவு மிஞ்சினால் பெரிய வாய்க்கால்கள் நிரம்பி, கன்னிவாய்க்காலில் அதிகம் இறங்குகிறது. கையிருப்பு தீர்ந்துபோகிறது. அப்புறம் அந்த விஷம் கல்லீரலின் செல்களையே பிடிக்கிறது. கையிருப்பு உண்டாவது நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து. நான்கு நாள் அரை டம்ளர் கஞ்சியில் கிடந்தவருக்குக் கையிருப்பு எங்கிருந்து வரும்?

இதில் எனக்குப் பயமாக இருந்த விஷயம் வேறு. இது உடனே காட்டிக்கொடுக்காது. முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தால் கொஞ்சம் குமட்டல், பசியின்மை, சோர்வு. காய்ச்சல்காரருக்கு இதெல்லாம் சகஜம்தானே? அதனால் நோயாளியே "காய்ச்சல் இன்னும் போகலை" என்று நினைத்து இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். அண்ணன் செய்ததும் அதேதான். வலது விலாவுக்குக் கீழே வலி, ரத்தப் பரிசோதனையில் மாற்றம் எல்லாம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான். கண் மஞ்சளாகி, புத்தி தடுமாறுகிற நிலைக்குப் போனால் காரியம் ரொம்பவே முற்றிவிட்டது என்று அர்த்தம்.

ரத்த ரிசல்ட் வந்தது. எஸ்.ஜி.பி.டி. என்று ஒன்று, கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறுவது. வழக்கமாக நாற்பது ஐம்பதுக்குள் இருக்க வேண்டியது, அண்ணனுக்கு 612. ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். கொஞ்சம் கூடியிருந்தது. டெங்கு இல்லை என்று அந்தப் பரிசோதனையும் சொல்லிவிட்டது. டெங்குவிலும் இந்த எஸ்.ஜி.பி.டி. ஏறும் என்பதால் அதைப் பார்க்காமல் விட முடியாதாம்.

இதற்கு மாற்று மருந்து உண்டு. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். காலியான அந்தக் கையிருப்பைத் திரும்ப நிரப்ப உதவுவதுதான் அதன் வேலை. வேடிக்கை என்னவென்றால், இதே மருந்தைத்தான் கெட்டிச் சளியைக் கரைக்கவும் கொடுக்கிறார்கள். ஒருவர் ஒரே வேளையில் நிறைய மாத்திரை விழுங்கிவிட்டால், எட்டு மணி நேரத்துக்குள் இதை ஆரம்பித்தால் கல்லீரலை அநேகமாகக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அதனால்தான், "வாந்தி வரட்டும் பார்க்கலாம்" என்று காத்திருக்கவே கூடாதாம். அண்ணன் கேஸில் நான்கு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. எட்டு மணிக் கணக்கு அங்கே பொருந்தாது. ரத்தத்தில் எவ்வளவு பாராசிட்டமால் இருக்கிறது என்று பார்த்துத் தீர்மானிக்கிற வழக்கமான அட்டவணையும் பொருந்தாதாம். எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கிறது, தின்ற கணக்கும் கையில் இருக்கிறது, ஆகவே ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். எடைக்குத் தக்க அளவு போட்டு, டிரிப்ஸில் இருபத்தோரு மணி நேரம் ஏற்றினார்கள். லேசாக அழுகிய முட்டை வாசனை அடிக்கும் மருந்து. சுத்த சைவமான அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டது தனிக் காட்சி.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.ஜி.பி.டி. இறங்கவில்லை, 900-ஐத் தாண்டியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. டிரிப்ஸைத் தொடர்ந்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் பையனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "சித்தப்பா, அப்பா இருமுறாரேன்னுதான் அந்த சிரப்பை வச்சிட்டு வந்தேன்" என்று அழுதான். அவனைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? லேபிளை நானே படித்தும் எனக்குத் தெரியவில்லையே. திங்கட்கிழமை காலை ஐ.என்.ஆர். இறங்கியது, அடுத்து எஸ்.ஜி.பி.டி.யும் மெள்ள மெள்ள. புதன்கிழமை அண்ணன் இரண்டு இட்லி கேட்டார். இரண்டு வாரத்தில் எண்கள் பழையபடி வந்தன. சிதைந்த இடத்தைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் சக்தி கல்லீரலுக்கு உண்டு என்பதால் தப்பித்தார்.

இதைப் படித்துவிட்டு யாரும் டோலோவைக் குப்பையில் போட வேண்டாம். டாக்டரே சொன்னார், நம் வயதில் காய்ச்சலுக்கும் வலிக்கும் மற்றவற்றைவிட வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சாதுவான மருந்து இதுதான் என்று. டெங்கு சந்தேகம் இருக்கும் நாளில் இதைத் தவிர மற்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாதாம்.

அண்ணனை டிஸ்சார்ஜ் செய்த அன்று நான் அந்தத் தெருமுனைக் கடைக்குப் போனேன். சண்டை போட அல்ல. "தம்பி, இனிமே அண்ணனுக்கு மாத்திரை குடுக்கும்போது மருந்துப் பேர் இருக்கிற பக்கத்தை வெட்டாம குடு. முடியலைன்னா கவர் மேல எழுதிக் குடு" என்றேன். சரி என்றார். அதற்கப்புறம் வாங்கிய கவரில் பால்பாயிண்ட் பேனாவில், 'பாராசிட்டமால் 500 இருக்கு' என்று எழுதியிருக்கிறது. எழுத்து கோணல்தான், ஆனால் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

அண்ணன் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், பால் கணக்கு எழுதும் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை ஆணி அடித்து மாட்டினேன். மேலே '2,760' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. காய்ச்சல், தலைவலி என்று எதைப் போட்டாலும் மணியையும் மில்லிகிராமையும் கீழே எழுத வேண்டும். முட்டி வலிக்கு டாக்டர் இப்போது தடவுகிற மருந்துக்கு மாற்றிவிட்டார். போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். ஒரே ஒரு பதிவு: 'ராத்திரி 9.10, 500, தலைவலி.' அதற்குப் பக்கத்தில் அண்ணன் கையெழுத்தில் மீதியும் கழித்து எழுதியிருந்தது: 2,260.

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வாத்தியார்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்.